வினிகர் வாடை அடிக்கும் மாத்திரை

வீட்டில் யாராவது இதயத்துக்காக தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்கள் என்றால், அந்த மாத்திரையை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். அட்டையிலிருந்து அப்போதுதான் பிதுக்கி எடுத்த மாத்திரையில் சொல்லும்படியாக வாடை இருக்காது. அதே மாத்திரையை நாலைந்து வாரத்துக்கு முன்பே பிரித்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அடுப்படி அலமாரியில் வைத்திருந்தால், டப்பாவைத் திறக்கும்போதே புளித்த நெடி வரலாம். சைனீஸ் கடையில் மேஜைமேல் வைத்திருக்கும் வினிகரின் அதே நெடி. இன்னும் நாள்பட்ட மாத்திரை என்றால் மேற்பரப்பில் மெல்லிய வெள்ளை ஊசிகள் முளைத்திருப்பதும் உண்டு. பலர் அதைப் பூஞ்சை என்று நினைத்துத் துடைத்துவிட்டு விழுங்குகிறார்கள்.

அது பூஞ்சை இல்லை. ஆஸ்பிரின் என்பது சாலிசிலிக் அமிலத்தோடு அசிட்டைல் என்ற சிறு துண்டு ஒன்றை ஒட்டவைத்த பொருள். தண்ணீர் பட்டால் அந்த ஒட்டு விடும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், காற்றில் இருக்கிற ஈரமே போதும். பிரிந்துபோன அசிட்டைல் துண்டு தண்ணீரோடு சேர்ந்து அசிட்டிக் அமிலம் ஆகிறது. வினிகரில் இருப்பதும் அதுதான், அந்த வாடை அதனுடையது. மிச்சமிருக்கும் சாலிசிலிக் அமிலம் வெள்ளை ஊசிகளாக வெளியே படிகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, போனது எந்தத் துண்டு என்பது. ஆஸ்பிரின் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது எப்படியென்றால், ரத்தத் தட்டணுவுக்குள் இருக்கும் ஒரு நொதியின்மேல் தன்னுடைய அசிட்டைல் துண்டைக் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறது. அந்த நொதி அத்தோடு முடங்கிவிடும். தட்டணு உயிரோடிருக்கும் ஏழு முதல் பத்து நாளும் அது திரும்ப எழுந்திருக்காது. அப்படி ஒட்டவேண்டிய துண்டுதான் டப்பாவுக்குள் வாடையாகப் பறந்துகொண்டிருக்கிறது. மாத்திரையில் தங்கிவிட்ட சாலிசிலிக் அமிலத்துக்கு அந்த வேலை தெரியாது. வயிற்றை எரிச்சல்படுத்த மட்டும் தெரியும். ஸ்டென்ட் வைத்த ஒருவர் நெடியடிக்கும் ஆஸ்பிரினைத் தினமும் ஒழுங்காக விழுங்கிக்கொண்டிருந்தால், அவர் நம்பியிருக்கும் பாதுகாப்பில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆஸ்பிரினை முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது கெட்டுப்போனால் நமக்குச் சொல்லிவிடும். பெரும்பாலான மருந்துகள் சொல்வதில்லை. அதற்கு அப்புறம் வருவோம். முதலில் அட்டையைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது.

மாத்திரை அட்டையில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பார்க்கிற பழக்கம் இப்போது நிறையப் பேருக்கு வந்துவிட்டது. அந்தத் தேதி எப்படி வந்தது என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. மருந்து கம்பெனி தன் மாத்திரையை, விற்கப்போகும் அதே அட்டையில் சீல் செய்து, வெப்பமும் ஈரப்பதமும் மாறாமல் இருக்கும் பெட்டிகளில் மாதக்கணக்கில் வைக்கிறது. குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்து, உள்ளே எவ்வளவு மருந்து மிச்சமிருக்கிறது, என்னென்ன சிதைவுப் பொருள்கள் உண்டாகியிருக்கின்றன என்று அளக்கிறது. வெப்பமும் மிகுந்த ஈரமும் உள்ள நாடுகளுக்கான நீண்டகாலச் சோதனை 30 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் நடக்கிறது. அதோடு ஆறு மாதம் நடக்கும் இன்னொரு சோதனையும் உண்டு, வேண்டுமென்றே மருந்தைச் சீக்கிரம் கெடவைத்துப் பார்க்கும் சோதனை. அந்தப் பெட்டிக்குள் 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம்.

கத்திரி வெயிலில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு சமையலறை. மூன்று விசில் விட்ட குக்கர், பக்கத்து அடுப்பில் கொதிக்கும் ரசம், ஜன்னல் வழியாக வரும் கடல்காற்று. மருந்தைக் கெடவைப்பதற்காகப் பரிசோதனைக்கூடத்தில் சிரமப்பட்டு உண்டாக்கும் நிலையை இங்கே தினமும் மதியம் நாம் இலவசமாக உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம்.

அட்டைக்குள் இருக்கும்வரை மாத்திரைக்கு இதைத் தாங்கும் தெம்பு ஓரளவு உண்டு. இரண்டு பக்கமும் அலுமினியம் உள்ள அட்டை என்றால் ஈரம் கிட்டத்தட்ட உள்ளே போகவே போகாது. ஒரு பக்கம் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் இருந்தால் அதன் வழியாக ஈரம் மெதுமெதுவாகக் கசியும். எந்த மருந்துக்கு எந்த அட்டை என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறார்கள். ஈரத்துக்குப் பயப்படும் மருந்தை அலுமினியத்துக்குள் வைப்பது அலங்காரத்துக்காக இல்லை. ஆக, காலாவதித் தேதி என்பது அட்டைக்குள் இருக்கும் மாத்திரைக்குக் கொடுத்த உறுதி. பிரித்துப் போட்ட மாத்திரைக்கு அந்தத் தேதி பொருந்தாது.

இங்கேதான் காலை, மதியம், இரவு என்று அறைபிரித்த வாராந்திர மாத்திரை டப்பாவின் சங்கடம். எட்டு மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு அந்த டப்பா பெரிய உதவி, அதைத் தூக்கிப்போடச் சொல்லமாட்டேன். ஆனால் அதன் மூடி காற்றை அடைக்காது. ஒரு வாரத்துக்கு மட்டும் நிரப்பினால் பெரும்பாலான மாத்திரைகளுக்கு மோசம் வராது. மகன் வெளிநாட்டிலிருந்து வந்தவன், திரும்பிப் போவதற்குள் அம்மாவுக்கு நான்கு டப்பா வாங்கி ஒரு மாதத்துக்கும் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிறானே, அதுதான் வேண்டாத வேலை. நான்காவது வாரத்து மாத்திரை நமத்துப்போன அப்பளத்தின் கதிக்கு வந்திருக்கும். டப்பாவில் போட்டே ஆகவேண்டும் என்றால் மாத்திரையைப் பிதுக்காமல், கத்தரியால் அட்டையோடு ஒவ்வொன்றாக வெட்டிப் போடலாம். வெட்டும்போது குமிழின் ஓரத்தில் கொஞ்சம் இடம்விட்டு வெட்டவேண்டும், சீல் பிரிந்துவிடக்கூடாது.

நம் வீடுகளில் மருந்து டப்பா எங்கே இருக்கும்? நான் பார்த்தவரை முதலிடம் ஃப்ரிட்ஜின் தலைக்கு. குழந்தைக்கு எட்டாது, பெரியவர்களுக்குக் கைக்கு வாகான உயரம். ஆனால் ஃப்ரிட்ஜ் உள்ளேயிருந்து எடுக்கும் சூட்டைப் பின்பக்கமாகவும் பக்கவாட்டிலும்தான் தள்ளுகிறது. அந்தச் சூடு மேலே எழும். சுவரோடு ஒட்டி வைத்த ஃப்ரிட்ஜின் தலையில் கை வைத்துப் பார்த்தால் தெரியும். அடுத்த இடம் சமையலறை மேல் அலமாரி, சூடும் ஆவியும் போய்ச் சேரும் இடம். வாஷ்பேசினுக்கு மேலே கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அலமாரி இப்போது அடுக்குமாடி வீடுகளில் சகஜம். அது குளியலறைக்குள் இருந்தால், வெந்நீரில் குளித்து முடித்ததும் கண்ணாடியில் படரும் நீர்ப்புகை மருந்து டப்பாவையும் விட்டுவைக்காது. மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் அறையின் பரணும் இந்த வரிசையில் சேரும். பகலில் கான்கிரீட் வாங்கி வைத்த வெயிலை அது ராத்திரி பத்து மணிக்கும் இறக்கிக்கொண்டிருக்கும்.

இனி, கெட்டாலும் சொல்லாத மருந்துக்கு வருவோம். தைராய்டு மாத்திரையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

லெவோதைராக்ஸின் வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றுக்கும் ஒத்துவராத மருந்து. அளவும் மிகச் சிறியது. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம். தைராய்டு மாத்திரையில் இருக்கும் மருந்து, உதாரணமாக, 75 மைக்ரோகிராம். பாராசிட்டமாலில் ஆறாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. மாத்திரையாக நம் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய முழுக்க நிரப்புப் பொருள்தான். உள்ளிருக்கும் துளி மருந்தில் பத்தில் ஒரு பங்கு அழிந்துபோனாலும் நிறமோ வாடையோ மாறாது, தொட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு உடலுக்குத் தெரியும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-ல் இந்த மருந்துக்கு மட்டும் தனி விதி போட்டது: காலாவதி நாள்வரை மாத்திரையில் மருந்தின் அளவு அட்டையில் சொன்னதில் 95 முதல் 105 சதவீதத்துக்குள் இருந்தாகவேண்டும். அதுவரை 90 சதவீதம் போதும் என்று இருந்தது. கடையில் இருக்கும்போதே வீரியம் குறைந்துபோகிறது என்ற கவலையில்தான் அந்த இறுக்கம்.

இந்த மருந்து நம் ஊரில் பெரும்பாலும் பாட்டிலாகக் கிடைக்கிறது. இதை வெறும் வயிற்றில், காபிக்கு அரைமணி நேரமாவது முன்னால் போடவேண்டும். காலையில் எழுந்ததும் கால் போகும் முதல் இடம் அடுப்படி, அதனால் பாட்டிலும் அடுப்படிக்கே வந்துவிடுகிறது. என்ன நடக்கும் என்று ஒரு கற்பனை உதாரணத்தில் பார்க்கலாம். ஐம்பது வயதுப் பெண், 75 மைக்ரோகிராம் மாத்திரை, ஜனவரியில் எடுத்த டி.எஸ்.ஹெச். 2.5. எந்தக் குறையும் இல்லை. மார்ச் தொடக்கத்தில் புது பாட்டில் திறக்கிறார். முதல் நாளே உள்ளிருந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தை, பேரன் வாயில் போட்டுவிடுவான் என்று எடுத்து எறிந்துவிடுகிறார். தினமும் பால் காயும் நேரத்தில் பாட்டிலைத் திறக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு மிடறு ஈரக்காற்று உள்ளே போய் மூடிக்கொள்கிறது. ஏப்ரல், மே கடக்கிறது. ஜூன் மாதம் உடம்பு அசதி, முகம் உப்பல், முடி கொத்துக் கொத்தாக வருகிறது. ரத்தம் பார்த்தால் டி.எஸ்.ஹெச். 8.

மருத்துவர் கேட்கிறார், "மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களாம்மா?"

"ஒருநாள்கூட விட்டதில்லை டாக்டர்."

அவர் சொல்வது உண்மைதான். மருத்துவர் மாத்திரையை 100 மைக்ரோகிராமாகக் கூட்டுகிறார், புது பாட்டில். இந்தமுறை மகள் அதைப் படுக்கையறை பீரோவில் வைக்கிறாள். மருந்து முழு வீரியத்தோடு உள்ளே போகிறது. இப்போது அந்தப் பெண்ணுக்குத் தேவையானது 75, கிடைப்பது 100. ஆறேழு வாரத்தில் படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம். அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். கீழே இறங்கியிருக்கிறது. மறுபடி அளவு குறைப்பு. நோய் ஏறி இறங்குவதுபோல் ரிப்போர்ட்டில் தெரியும், ஏறி இறங்கியது பாட்டில் இருந்த இடம்.

டி.எஸ்.ஹெச். உயர்ந்தால் காரணம் பாட்டில்தான் என்று முடிவுகட்டிவிடக்கூடாது. மாத்திரை போட்ட கையோடு காபி குடித்தாலும், கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரையை நான்கு மணி நேர இடைவெளி விடாமல் சேர்த்துப் போட்டாலும் இதேபோலத்தான் ஆகும். உடல் எடை மாறினாலும், நோயே முற்றினாலும் ஆகும். ஆனால் மருத்துவர் இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்கும்போது, பாட்டில் எங்கே இருந்தது என்பதையும் நாமாகச் சொல்லிவிடலாம். அவர் கேட்க மறந்துவிடுகிற கேள்வி அது. சிலிக்கா ஜெல் பொட்டலம் பாட்டிலுக்குள்ளேயே கடைசி மாத்திரைவரை இருக்கட்டும். பேரன் கையில் அது கிடைக்கும் என்றால் பாட்டிலும் கிடைக்கும், அது இன்னும் ஆபத்து. இரண்டையும் பூட்டி வைப்பதுதான் வழி.

ஈரத்தின் கதை இவ்வளவு. ஈரமே இல்லாவிட்டாலும் வெப்பம் தனியாகவே கெடுக்கும். வண்டி அதற்குத்தான் பேர்போனது.

வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் எவ்வளவு சூடாகும் என்று அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் அளந்து 2005-ல் வெளியிட்டார்கள். வெளியே இருப்பதைவிட ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி கூடுகிறது. அந்த உயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே நடந்துவிடுகிறது. ஜன்னலை இரண்டு விரல் இறக்கி வைத்தாலும் பெரிய பயனில்லை. நம் ஊர்க் கணக்கில் வெளியே 36 என்றால் உள்ளே 58. டேஷ்போர்டின்மேல் நேர் வெயில் பட்டால் அதற்கும் மேல். ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டி இன்னொரு ரகம். மேலே வெயிலில் காய்ந்த கறுப்பு சீட், கீழே ஓடி வந்த என்ஜின். மருந்துக்கடையில் வாங்கிய பையை அதில் போட்டுவிட்டு, அப்படியே ஆபீஸ் வாசலில் வண்டியை மாலைவரை நிறுத்திவிடுவது நாம் எல்லோரும் செய்வது.

இதனால் உடனே எல்லாம் வீணாகிவிடுமா? ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெப்பம் பத்து டிகிரி கூடும்போது மருந்து சிதையும் வேகம் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு மடங்குவரை கூடுகிறது. 30 டிகிரியில் இருக்கவேண்டிய மாத்திரை 60 டிகிரிக்குப் போனால் மூன்று பத்துகள். மடங்கு இரண்டு என்று வைத்தால் எட்டு மடங்கு வேகம், நான்கு என்று வைத்தால் 64 மடங்கு. நான்கு மணி நேரம் அந்தச் சூட்டில் இருந்த மாத்திரைக்கு, கெட்டிக்கார மருந்தாக இருந்தால் 32 மணி நேர வயது கூடியிருக்கும். பலவீனமான மருந்தாக இருந்தால் 256 மணி நேரம், அதாவது பத்து நாளுக்கு மேல். இரண்டு வருட ஆயுள் உள்ள மாத்திரைக்கு இது ஒருநாள் நடந்தால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் அந்த அட்டை காரின் முன்பெட்டியிலேயே குடியிருந்து, மாதத்தில் 25 நாள் இதே சூட்டைப் பார்த்தால், பலவீனமான மருந்துக்கு ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட ஒன்பது மாத வயது கூடிவிடும். தலைவலி வந்தால் இருக்கட்டும் என்று காரில் போட்டுவைத்த மாத்திரைகள், நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைப்பதற்காக வைத்த மாத்திரைகள், எல்லாம் இந்தக் கணக்குக்குள் வரும். பின்னதற்கு வீரியம் குறைந்திருந்தால் அது தெரியவரும் நேரம் மிக மோசமான நேரமாக இருக்கும். அதை வண்டியில் வைக்காமல் கைப்பையில் கூடவே எடுத்துப்போவதுதான் சரி.

இந்தக் கணக்கு அட்டைக்குள் இருக்கும் மாத்திரைக்கு மட்டும்தான் செல்லும். உருகுகிற, வெடிக்கிற, உறைகிற மருந்துகளுக்கு ஒரே ஒரு தடவை போதும். குழந்தையின் காய்ச்சலுக்கு ஆசனவாயில் வைக்கும் மருந்து, உடல் சூட்டில் உருகவேண்டும் என்றே செய்தது. 58 டிகிரி காரில் அது உறைக்குள் எண்ணெயாகிவிடும். பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டியாகும், ஆனால் மருந்து முழுவதும் ஒரு முனையில் படிந்திருக்கலாம், வடிவமும் கோணலாகியிருக்கும். இன்ஹேலர் குப்பியில் அழுத்தத்தோடு வாயு இருக்கிறது. அதன்மேல் 50 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வைக்காதே என்று எழுதியிருப்பது வெடிக்கும் என்பதற்காக.

இன்சுலின் தனிக் கதை. அது ஒரு புரதம், சூட்டிலும் கெடும், உறைந்தாலும் கெடும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். பயன்பாட்டில் இருக்கும் குப்பியையோ பேனாவையோ, அதன் தாளில் சொன்னபடி 25 அல்லது 30 டிகிரிக்குள் வெளியே வைத்து, பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் முடித்துவிடவேண்டும். வெயிலைப் பற்றி எச்சரித்து எச்சரித்து, உறைவதைப் பற்றிச் சொல்ல எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்களில் ஃப்ரீசர் பெட்டிக்கு நேர்கீழே ஒரு தட்டு இருக்கும், பால் பாக்கெட் வைப்பது. 'ரொம்பக் கூலிங்கா இருக்கும்' என்று இன்சுலினை அங்கே வைப்பவர்கள் உண்டு. அங்கே உறைந்துபோக எல்லா வாய்ப்பும் இருக்கிறது. உறைந்து மறுபடி உருகிய இன்சுலின் பார்வைக்கு நன்றாகவே இருந்தாலும் நம்பக்கூடாது. நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல், ஒரு சின்ன டப்பாவுக்குள் வைத்தால் போதும்.

கெட்ட இன்சுலினைக் கண்ணால் கண்டுபிடிக்க ஓரளவு வழியுண்டு. தண்ணீர்போல் தெளிவாக இருக்கவேண்டிய ரகம் கலங்கியிருந்தாலோ, மிதக்கும் துகள் தெரிந்தாலோ வேண்டாம். பால்போல் இருக்கவேண்டிய கலவை ரகத்தை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டியபின் ஒரே சீராகக் கலங்கவேண்டும். கட்டிகள் கரையாமல் நின்றாலோ, குப்பியின் உள்சுவரில் பனி படிந்ததுபோல் வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தாலோ அதைப் போடக்கூடாது. ஆனால் வெயிலில் வீரியம் இழந்த இன்சுலின் பளிங்குபோல் தெளிவாகவும் இருக்கலாம். அங்கே அடையாளம் குப்பியில் கிடையாது, குளுக்கோமீட்டரில்தான். சாப்பாடும் நடையும் மாறாமல் இரண்டு மூன்று நாளாகச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனால், அளவைக் கூட்டுவதற்கு முன்னால் குப்பியை மாற்றிப் பார்க்கவேண்டும், மருத்துவரிடமும் சொல்லவேண்டும்.

அதற்காக, கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் நின்ற ஒரு ராத்திரிக்காக ஒருவர் இன்சுலினைக் குப்பையில் போடவேண்டியதில்லை. ஜெனீவா பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் கென்யாவின் வடக்கே தகாஹலே அகதி முகாமில் ஒரு வீட்டின் வெப்பத்தை அளந்தன. இரவில் 25, பகலில் 37 வரை ஏறி இறங்கியது. அதே ஏற்ற இறக்கத்தை ஆய்வகத்தில் உண்டாக்கி நான்கு வாரம் இன்சுலினை வைத்துப் பார்த்தார்கள். குளிர்ச்சியில் வைத்ததற்கும் இதற்கும் வீரியத்தில் வித்தியாசம் இல்லை என்று 2021-ல் அறிவித்தார்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத ஏழை வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அந்த வீட்டின் உச்சம் 37, நம் காரின் உச்சம் 58, இதை மறந்துவிடக்கூடாது. ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் ஈர மண்பானைக்குள் வைக்கும் வழி உள்மாவட்டங்களின் வறண்ட வெயிலில் நன்றாக வேலை செய்யும். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் பானையிலிருந்து தண்ணீர் சரியாக ஆவியாகாது, குளிர்ச்சியும் அந்த அளவுக்கு வராது.

மற்ற மருந்துகளில் பார்த்ததும் ஒதுக்கவேண்டியவற்றை மருந்தாளுநர்கள் ஒரு கண்ணோட்டத்தில் சொல்லிவிடுவார்கள். கேப்ஸ்யூலின் கூடு ஜெலட்டின், ஈரத்தை உறிஞ்சும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும், அமுக்கினால் குழைந்தாலும் உள்ளே ஈரம் போய்விட்டது என்று பொருள். ஆஸ்துமாவுக்குக் கருவியில் போட்டு உறிஞ்சும் பொடி கேப்ஸ்யூலில் இது இன்னும் சிக்கல். பொடி கட்டிபிடித்தால் உறிஞ்சும்போது கூட்டிலேயே தங்கிவிடும், நுரையீரலுக்குப் போகாது. அமாக்ஸிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த ஆன்டிபயாடிக் மாத்திரை ஈரம் பட்டால் மேலே மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாகும். அதையே குழந்தைகளுக்கான பொடியாக வாங்கி, கொதித்து ஆறிய தண்ணீர் விட்டுக் கலக்கிவிட்டால், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஏழு நாள்தான். பாட்டிலில் இருக்கும் காலாவதி அடுத்த வருடமாக இருக்கலாம், அது பொடிக்கு உரியது. மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைப்பது நம் வீடுகளின் தீராத வழக்கம். களிம்பில் எண்ணெய் தனியே பிரிந்து நின்றால், குலுக்கியும் சிரப்பின் அடியில் கெட்டிப்பட்டது கரையாவிட்டால், வெள்ளை மாத்திரையில் இளஞ்சிவப்போ பழுப்போ ஏறியிருந்தால் இரண்டாவது யோசனை வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்குள் தூள் கல்லாக இறுகியோ நிறம் மாறியோ இருந்தால் புதிது வாங்குங்கள், விலை குறைவு.

கெட்டுப்போன மருந்து விஷமாகுமா என்று எல்லோரும் கேட்பார்கள். பெரும்பாலும் ஆகாது, வீரியம் குறைவதுதான் ஆபத்து. ஆனால் விலக்கு ஒன்று மருத்துவ வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1963-ல் அமெரிக்காவில், பழசாகிச் சிதைந்த டெட்ராசைக்கிளின் சாப்பிட்ட சிலருக்குச் சிறுநீரகக் குழாய்கள் பாதிக்கப்பட்டன. உடலில் தங்கவேண்டிய சத்துக்கள் சிறுநீரில் வெளியேறின. வெப்பத்திலும் ஈரத்திலும் அந்த மருந்து சிதைந்து உண்டான பொருள்தான் காரணம். அந்தக் காலத்து கேப்ஸ்யூலில் சேர்த்திருந்த சிட்ரிக் அமிலம் அந்தச் சிதைவை விரைவுபடுத்தியதாகவும் கண்டறிந்து, பிறகு அதை நீக்கிவிட்டார்கள்.

எங்கே வைப்பது என்றால், வீட்டின் உள்சுவரை ஒட்டிய படுக்கையறை பீரோவின் நடுத்தட்டு. வெயில் விழும் சுவரும், மறுபக்கம் குளியலறை இருக்கும் சுவரும் வேண்டாம். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மே மாதம் ஒரு வாரம் அதை வீட்டின் இரண்டு மூன்று அலமாரிகளில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் எந்தத் தட்டு தேறும் என்பது தெரிந்துவிடும். '25 டிகிரிக்குக் கீழே' என்று எழுதிய மருந்தை ஏ.சி. இல்லாத வீட்டில் கோடையில் அந்த அளவில் வைக்கவே முடியாது, இதை ஒளித்துப் பேசிப் பயனில்லை. செய்யக்கூடியது, தள்ளுபடிக்காக மூன்று மாத மருந்தை மொத்தமாக வாங்காமல் கோடையில் மாதாமாதம் வாங்குவது. எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் தூக்கி வைப்பதும் தீர்வில்லை. குளிர்ந்த பாட்டிலை வெளியே எடுத்துத் திறந்தால் உள்ளே நீர்த்துளி படியும், நாம் பயந்த ஈரத்தை நாமே உள்ளே விட்டதாகும். ஃப்ரிட்ஜில் வை என்று தாளில் எழுதியிருந்தால் மட்டும் ஃப்ரிட்ஜ்.

கடையில் ஒரு வேலை இருக்கிறது. பத்து மாத்திரை அட்டையில் நான்கு கேட்டால் கடைக்காரர் கத்தரியால் வெட்டிக் கொடுப்பார், தேதி அச்சிட்ட ஓரம் அவரிடமே நின்றுவிடும். "அண்ணே, தேதி இருக்கிற பக்கமா வெட்டிக் குடுங்க" என்று கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். அடுத்து வருபவருக்கும் அதே பக்கம் வேண்டுமே என்பது அவர் கஷ்டம். அப்படியானால் பேட்ச் எண்ணும் காலாவதியும் போட்ட பில்லை வாங்கி, அதை மாத்திரையோடு ரப்பர் பேண்ட் போட்டு வைக்கலாம். தினசரி மாத்திரையில் சந்தேகம் வந்தால் சாப்பிடுவதை நிறுத்திவிடாமல், அன்றைக்கே புது அட்டை வாங்கித் தொடரவேண்டும். பழையதை அதன் அட்டையோடோ பாட்டிலோடோ மருந்தாளுநரிடம் காட்டுங்கள். நெடியடிக்கும் ஆஸ்பிரின் என்றால் அவர் மூடியைத் திறக்கும்போதே தலையாட்டிவிடுவார். தைராய்டு மாத்திரை என்றால் அவராலும் பார்த்துச் சொல்ல முடியாது, எங்கே வைத்திருந்தீர்கள் என்றுதான் கேட்பார்.